ஆசிட் தெறித்தால் 20 நிமிடம் தண்ணீர். எந்தக் காயத்துக்கு மருத்துவமனை?

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கிறது. வீடு முழுக்கச் சுத்தம் நடக்கிறது. கழிப்பறைத் தரையில் படிந்த உப்புக்கறையைப் போக்க, மூன்று சக்கர வண்டிக்காரரிடம் வாங்கிய ஆசிட் பாட்டிலைத் திறக்கிறார் வீட்டம்மா. பழைய தண்ணீர் பாட்டில்தான் அது, லேபிள் கிடையாது. மூடி இறுகியிருக்கிறது. பாட்டிலை இடுக்கிப் பிடித்துத் திருகியதும் மெல்லிய பிளாஸ்டிக் நசுங்கி, ஆசிட் பீறிட்டு இடது முன்கையில் தெறிக்கிறது. கொஞ்சம் நைட்டியில் வழிந்து வலது பாதத்தில் இறங்குகிறது.

அவர் நைட்டி முனையால் கையைத் துடைக்கிறார். இரண்டு மக் தண்ணீர் ஊற்றுகிறார். எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது. "ஒண்ணும் இல்ல, லேசா பட்டுடுச்சு" என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். ராத்திரி கையில் கொப்புளம். மறுநாள் காலையில் மெட்டியைச் சுற்றி விரல் தோல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் இருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு தவறும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. பட்ட ஆசிட்டின் அளவு அதிகம் என்பதல்ல அவருடைய பிரச்சினை. கழுவிய நேரம் போதவில்லை. ஆசிட் ஊறிய துணியும் மெட்டியும் உடம்பிலேயே இருந்தன. அதே வீட்டில், அதே பாட்டிலோடு, சரியாகச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் விற்கும் கெட்டியான கழிப்பறை திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 10 சதவீதம் இருக்கும். லேபிளில் அது அச்சிடப்பட்டிருக்கும். தெருவில் லிட்டர் கணக்கில் விற்கும் ஆசிட்டும் பெரும்பாலும் இதே அமிலம்தான். அதன் அடர்த்தி என்ன என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

அமிலம் தோலில் பட்டதும் அங்குள்ள புரதத்தை உறைய வைக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவதைப் போன்ற மாற்றம் இது. சூடான பாத்திரத்தைத் தொட்டால், கையை எடுத்ததும் சூட்டின் மூலம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. அமிலம் அப்படிப் போவதில்லை. தோலின் மடிப்பிலும் ரோமக்கால்களிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு, அங்கே இருக்கும் வரை எரித்துக்கொண்டே இருக்கும். சூட்டுக்காயத்தில் தண்ணீர் குளிர வைக்கிறது. ரசாயனக் காயத்தில் தண்ணீர் கரைத்து அடித்துக்கொண்டு போகிறது. இந்த வேறுபாட்டால்தான் இங்கே நேரம் முக்கியமாகிறது.

கெட்டியான திரவத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கழிப்பறைக் கோப்பையின் சுவரில் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்றுதான் அதைக் கெட்டியாகத் தயாரிக்கிறார்கள். கையிலும் அது அப்படியே ஒட்டி நிற்கும். நீல நிறம் போய்விட்டது என்பதால் அமிலமும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"ஆசிட்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு படிச்சோமே?"

இந்தச் சந்தேகம் படித்தவர்களுக்குத்தான் அதிகம் வரும். பள்ளி ஆய்வகத்தில் 'தண்ணீரில் அமிலத்தைச் சேர், அமிலத்தில் தண்ணீரைச் சேர்க்காதே' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது பாத்திரத்தில் கலவை தயாரிப்பதற்கான விதி. நிறைய அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் சூடேறித் தெறிக்கும் என்பதுதான் அதன் காரணம்.

தோலில் இருப்பது மெல்லிய படலம். அதன் மேல் குழாய்த் தண்ணீர் தொடர்ந்து ஓடும்போது உண்டாகும் கொஞ்ச சூட்டையும் அந்தத் தண்ணீரே அடித்துச் சென்றுவிடும். ஈரத்துணியால் ஒற்றுவதும், அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி நிறுத்துவதும்தான் ஆபத்து. ஆகவே ஆசிட் பட்டால் தண்ணீர்தான், அதுவும் நிறைய, உடனே.

தண்ணீருக்கு முன்னால் வேறொன்று செய்ய வேண்டிய சூழல் ஒன்று உண்டு. நீற்றாத சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் போன்ற உலர்ந்த தூள் உடம்பில் கொட்டினால், முதலில் காய்ந்த துணியாலோ தூரிகையாலோ தூளைத் தட்டிவிட்டு, அதன் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். திரவ ஆசிட்டுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்?

குறைந்தது 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். எரிகிற நேரத்தில் மூன்று நிமிடமே கால் மணி நேரம் மாதிரித் தோன்றும். மனக்கணக்கை நம்பக் கூடாது. யாரையாவது செல்போனில் டைமர் வைக்கச் சொல்லுங்கள்.

20 நிமிடம் முடிந்து தண்ணீரை நிறுத்திய பிறகு எரிச்சல் மறுபடி தலைதூக்கினால், அமிலம் இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடி குழாயடிக்குப் போய் இன்னும் 20 நிமிடம் காட்ட வேண்டும். 'நேரம் முடிஞ்சிடுச்சு' என்பதோடு 'எரிச்சல் திரும்பி வரல' என்பதும் சேர்ந்தால்தான் கழுவியது போதும்.

இந்த 20 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது? நம் வீட்டம்மாவின் கதைக்கே திரும்புவோம்.

முதல் பத்து நொடியில் அவர் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, கையையும் காலையும் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். துடைக்கக் கூடாது. துடைத்தால் அமிலம் நல்ல தோலுக்கும் பரவும், தேய்ப்பில் பாதிக்கப்பட்ட தோலும் உரியும். கழிப்பறைக்குள் நெடி தாங்கவில்லை என்றால் வெளியே வந்து வேறு குழாயைத் தேட வேண்டும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நைட்டியைக் கழற்ற வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற நேரம் அல்ல இது. ஆசிட் ஊறிய துணி, தோலின் மேல் வைத்த ஆசிட் பற்று மாதிரி. ஆனால் தலை வழியாக உருவினால் முகத்திலும் கண்ணிலும் படும். கத்தரிக்கோலால் முன்பக்கம் வெட்டிக் கழற்றுவதே நல்லது. புடவை என்றால் நனைந்த பகுதியை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து அவிழ்க்கலாம். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், அதைச் சுற்றி வெட்டிவிட்டு, ஒட்டிய இடத்தில் தண்ணீரை ஓட விட வேண்டும்.

அடுத்தது வளையல், மோதிரம், கடிகாரம், கொலுசு, மெட்டி. இவற்றுக்கு அடியில் அமிலம் தேங்கும். இரண்டு மணி நேரத்தில் விரல் வீங்கிவிட்டால் பிறகு கழற்றவும் முடியாது, இறுகிய மோதிரம் ரத்த ஓட்டத்தையும் தடுக்கும். நம் கதையில் மிக மோசமான காயம் மெட்டிக்கு அடியில் வந்தது இதனால்தான். மெட்டியைக் கழற்றுவது சிலருக்கு மனசுக்கு ஒப்பாது. விரல் பிழைத்தால் நாளைக்கு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

உதவிக்கு வருபவர் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் கவரையாவது மாட்டிக்கொள்ளலாம். வழிந்தோடும் தண்ணீர் நேராகத் தரைக்குப் போக வேண்டும். மார்பு வழியாக வயிற்றுக்கும், அங்கிருந்து தொடைக்கும் இறங்கினால் புது இடத்திலும் எரிக்கும். கை என்றால் வாளிக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும்.

வாளியில் முக்கினால் போதாதா?

போதாது. வாளியில் கையை முக்கினால், கழுவிய அமிலம் அதே தண்ணீரில் கலந்து நிற்கிறது. ஓடும் தண்ணீர்தான் வேண்டும்.

குழாயை நடுத்தரமாகத் திறந்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் வரும். 20 நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது லிட்டர். அதாவது ஆறேழு பக்கெட். தண்ணீர் முறை வைத்து வரும் தெருவில் இது சின்ன அளவு இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பக்கெட்டிலிருந்து மக்கால் மொண்டு, இடைவெளி விடாமல் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு நிறுத்துவதை விட இது நல்லது. ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் பக்கத்து வீட்டுக்கு ஓடட்டும். கேன் தண்ணீர், தொட்டித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எதுவானாலும் சரி. தோலைக் கழுவ அது போதும். சுத்தமான தண்ணீருக்காகக் காத்திருப்பதுதான் தவறு.

கோடை மத்தியானத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்து சூடு போகும் வரை சில நொடி தள்ளி நின்று காட்டலாம். சூடு குறையவே இல்லை என்றால் வீட்டுக்குள் நிழலில் இருக்கும் டிரம், குடம் எதுவோ அதை எடுக்கலாம். ஐஸ் கட்டி வேண்டாம். ஐஸ், அடிபட்ட தோலின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். குழந்தையோ முதியவரோ உடம்பு முழுக்க நனைந்து நடுங்க ஆரம்பித்தால், பட்ட இடத்தில் மட்டும் தண்ணீரை ஓட விட்டு, மற்ற உடம்பைப் போர்த்திவிட வேண்டும்.

சோடா மாவு, டூத்பேஸ்ட், எண்ணெய்?

'ஆசிட்டுக்கு எதிர் காரம். சோடா மாவைப் போட்டா சரியாயிடும்' என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கண்ணாடிக் குடுவையில் அது சரிதான். தோலின் மேல் அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும். ஏற்கெனவே வெந்த தோலை அந்தச் சூடு இன்னும் வேக வைக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், சமையலறையில் சோடா மாவைத் தேடும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அமிலம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

டூத்பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய், வெண்ணெய், இங்க் எதுவும் கூடாது. இவை அமிலத்தைத் தோலோடு சேர்த்து மூடிவிடும். மருத்துவமனையில் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முதலில் அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். நோயாளிக்கு அது இரண்டாவது தண்டனை.

கழுவி முடித்த பிறகு சுத்தமான, நூல் பிரியாத பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பஞ்சை வைக்க வேண்டாம், அது ஒட்டிக்கொள்ளும். வலிக்கு வழக்கமாக எடுக்கும் பாராசிட்டமாலை, பெரியவர்கள் அட்டையில் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணில் பட்டால்?

கண்ணில் பட்டதென்றால் மருத்துவமனை தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு சொட்டாக இருந்தாலும், பார்வை தெளிவாக இருந்தாலும் போக வேண்டும். ஆனால் வண்டியில் ஏறும் முன் கண்ணைக் கழுவியிருக்க வேண்டும். கழுவாமல் ஓடி, அரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்றால், அந்த அரை மணியும் அமிலம் கருவிழியில் இருக்கும்.

பாதித்த கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்கின் பக்கத்திலிருந்து காதின் பக்கம் தண்ணீர் ஓடும்படி ஊற்ற வேண்டும். இப்படிச் செய்தால் மற்ற கண்ணுக்கு அமிலம் போகாது. வலியில் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். இன்னொருவர் விரலால் மேல் இமையையும் கீழ் இமையையும் விரித்துப் பிடிக்க வேண்டும். கண்ணை எல்லாப் பக்கமும் சுழற்றச் சொல்ல வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் சுலபமாக வந்தால் கழற்றலாம். இங்கேயும் குறைந்தது 20 நிமிடம். கண்ணைக் கசக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்தை விடக் கூடாது. போகும் வழியிலும் தண்ணீர் பாட்டிலால் ஊற்றிக்கொண்டே போகலாம்.

மருத்துவமனை எப்போது?

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்., ரசாயனத்தால் வரும் தீக்காயம் எதுவானாலும் மருத்துவமனையில் காட்டச் சொல்கிறது. அதுதான் பாதுகாப்பான விதி. நம் ஊரில் ஒரு துளி பட்டுச் சிவந்த விரலுக்கெல்லாம் யாரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக மாட்டார்கள் என்பதும் உண்மை. எனவே கோட்டை எங்கே போடுவது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

20 நிமிடம் கழுவிய பிறகு வெறும் சிவப்பு மட்டும் இருக்கிறது, கொப்புளம் இல்லை, எரிச்சல் அடங்கிவிட்டது, பட்ட இடம் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், பட்டவர் ஆரோக்கியமான பெரியவர் என்றால் வீட்டில் இருந்தபடி கவனிக்கலாம். இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- முகம், கண், கழுத்து, உள்ளங்கை, விரல்கள், பாதம், மர்ம உறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தால்.
- பட்ட இடம், காயமடைந்தவரின் விரல்களும் சேர்ந்த உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தால். அந்த அளவுதான் உடல் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம்.
- கொப்புளம் வந்தால்; தோல் வெளுத்தோ, சாம்பலாகவோ, பழுப்பாகவோ, கருத்தோ, தோல்பை மாதிரி விறைத்தோ போனால்.
- கை, கால், விரலைச் சுற்றி வளையமாகக் காயம் இருந்தால்.
- கழுவிய பிறகும் எரிச்சல் விடவில்லை என்றால்.
- குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால்.
- இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் வந்தால்; வாயில் போயிருந்தால்.

மூச்சுத்திணறல், முகம் அல்லது உடம்பின் பெரும்பகுதியில் காயம், மயக்கம் இருந்தால் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 108-க்கு அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம். ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல் கொடுக்கக் கூடாது. உள்ளே போகும்போது எரித்த உணவுக்குழாயை, வெளியே வரும்போது இன்னொரு முறை எரிக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

"வலி போயிடுச்சு, சரியாயிடுச்சு"

ஆசிட் காயத்தில் மக்கள் ஏமாறும் இடம் இதுதான். மேலோட்டமான காயத்தில் நரம்பு முனைகள் உயிரோடு இருப்பதால் வலி கடுமையாக இருக்கும். ஆழமாகப் போன காயத்தில் அந்த முனைகளே செத்துப்போயிருக்கும். அங்கே வலி இருக்காது. வெளுத்த இடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள சிவந்த தோல் சுரீர் என்கிறது, நடுவில் மட்டும் மரத்துப்போயிருக்கிறது என்றால் அது ஆழமான காயம். ஆறிவிட்டது என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. நம் கதையில் மெட்டி விரல் மரத்துப்போனது இதனால்தான்.

இன்னொன்று, ரசாயனக் காயத்தின் முழு ஆழம் முதல் ஒரு மணி நேரத்தில் தெரியாது. ஒன்றிரண்டு நாள் போன பிறகுதான் நிறமும் கொப்புளமும் உண்மையைச் சொல்லும். ஆகவே வீட்டில் இருந்து கவனிப்பவர்கள் அன்று இரவும் மறுநாள் காலையும் அதற்கடுத்த நாளும் வெளிச்சத்தில் காயத்தைப் பார்க்க வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைத்தால் ஒப்பிட வசதி. பிறகு சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தால் கிருமித்தொற்று என்று அர்த்தம். உடனே போக வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

மூன்று விஷயம்: என்ன பட்டது, எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு நேரம் கழுவினீர்கள். பாட்டிலைக் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள். அல்லது லேபிளைப் படம் எடுங்கள்.

பாட்டிலைப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. வடிகால் அடைப்பை நீக்கும் பொருட்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா, அது காரம். காரம் தோலின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தொட்டால் வழுவழுவென இருக்கும், முதலில் வலி குறைவாகவும் இருக்கும். அதற்கு 20 நிமிடம் போதாது, ஒரு மணி நேரத்துக்கு மேலும் கழுவ வேண்டிவரும். துருக்கறை நீக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். அதில் வலி சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். உடம்பின் கால்சியத்தை அது பிடித்துக்கொள்வதால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். அதற்கு கால்சியம் குளுகோனேட் ஜெல் என்ற தனி மருந்து தேவை. லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

மருத்துவமனையில் நிறம் மாறும் தாளைத் தோலில் வைத்து அமிலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மறுபடி கழுவுவார்கள். வலிக்கு மருந்து, கட்டு, டெட்டனஸ் ஊசி ஆகியவை தொடரும். ஆழமான காயம் என்றால் தீக்காயப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்படியொரு பிரிவு இருக்கிறது.

பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள்

'ரெண்டையும் சேர்த்துப் போட்டா பளிச்சுன்னு ஆகும்' என்று ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன கழிப்பறையில், மூடிய கதவுக்குள், அது நுரையீரலைத் தாக்கும். நெடி ஏறினால் பாத்திரத்தை எடுக்கவோ தண்ணீர் ஊற்றவோ உள்ளே நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். இருமல் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை.

லேபிள் இல்லாத பாட்டில் யாருடைய குற்றம்?

2013-ல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சு வழக்கில், ஆசிட்டைச் சில்லறையாக விற்பவர்கள் பதிவேடு வைத்து, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விற்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு வந்தது வேண்டுமென்றே வீசப்படும் ஆசிட்டைத் தடுக்க. ஆனால் அது ஒழுங்காக நடந்திருந்தால், தண்ணீர் பாட்டிலில் அடைத்து வாசலில் விற்கும் ஆசிட்டும் நின்றிருக்கும். இன்றும் 'ஆசிட், பினாயில்' என்று குரல் கொடுத்துக்கொண்டு வண்டி தெருவுக்குள் வருகிறது. பதிவேடும் கிடையாது, லேபிளும் கிடையாது. அடுக்களை ஓரத்தில் வைத்த அந்தப் பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்து எடுக்கும் குழந்தைக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை; சிகிச்சை தரும் மருத்துவருக்கு அது என்ன அமிலம், எவ்வளவு அடர்த்தி என்று அறிய வழியும் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளும் காவல்துறையும் இதைச் சின்ன வியாபாரம் என்று பார்த்துவிட்டு நகர்வது சரியல்ல.

வீடுகளுக்கும் பங்கு உண்டு. அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் கழிப்பறை கழுவுவது பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். வெறுங்கையும் ரப்பர் செருப்புமாக அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆசிட் பட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடும்மா" என்று அவர்கள் சொல்லாமல் விடுவதுதான் நடக்கிறது. அவரைக் குழாயடியில் 20 நிமிடம் நிற்க வைப்பதும், கூலியைப் பிடிக்காமல் மருத்துவரிடம் அனுப்பி வைப்பதும், வேலை கொடுப்பவரின் பொறுப்பு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி, மூடிய காலணி ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பதும் அவர் பொறுப்பே.

பாட்டிலைப் பிதுக்காமல், தரையில் வைத்து, முகத்தை விலக்கித் திறக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும். நம் கதையின் வீட்டம்மா இதைச் செய்து, தெறித்த உடனே மெட்டியைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் தண்ணீரில் நின்றிருந்தால், காயம் லேசான சிவப்போடு நின்றிருக்க நிறையவே வாய்ப்பிருந்தது. பாதத்தில் பட்டதால் மருத்துவரிடம் எப்படியும் போக வேண்டியிருந்திருக்கும். ஆனால் செத்துப்போன விரலோடு போயிருக்க மாட்டார்.